துத்துப் என்று ஒரு வரி

காஜா பெராங்கில் என் தையல் கடைக்கு ஒரு வலைப்பூ உண்டு. ஜனவரியில் வீராப்பாக நாலு பதிவு எழுதுவேன். தீபாவளித் தையல் குவிந்ததும் அது அநாதையாகிவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், புக்கிட் பாருவில் இருக்கும் என் அக்கா மகள் வருஷம் முழுவதற்கும் ஓர் அட்டவணை போட்டு என் கைப்பேசிக்கு அனுப்பினாள். மாதத்துக்கு இரண்டு பதிவு. கடை காற்றாடும் மாதங்களிலேயே எழுதிச் சேர்த்து, தேதி குறித்து வைத்துவிட்டால் அதுவாகவே வெளியாகுமாம்.

ஏழாம் மாதம் துணி தேர்வு, எட்டாம் மாதம் சுதந்திரம் வந்த மெர்டேக்கா காலத்து ரவிக்கை வெட்டு, பிறகு அளவு எடுப்பது. எல்லாம் சரி. செப்டம்பர் கடைசியில் வெறும் 'துத்துப்'. அதற்குக் கீழே 'சின்னம்மா ஓய்வு'.

எனக்குப் பகீரென்றது. கடையைப் பூட்டும்போது கதவில் நான் திருப்பி மாட்டும் பலகையில் இருக்கும் அதே மலாய்ச் சொல். மூடியாச்சு. என்னையும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. போன மாதம்தான் அவள் புருஷன் வாசலில் நின்று, "இந்த எடத்துல கோப்பிக் கடை போட்டா நல்லா ஓடும் லா," என்றார். அன்றே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது தேநீர்கூடத் தரவில்லை. கடை மூடப்போவதில்லை என்று ஊருக்கே காட்டுகிறேன் பார் என்ற ஆத்திரத்தில், அட்டவணையில் இருந்த பதிவுகளை எல்லாம் ஜூனுக்குள் எழுதி முடித்தேன்.

ஜூலையில் அவள் வந்து, "சின்னம்மா, எல்லாத்தையும் எழுதிட்டீங்களா?" என்று வாய் பிளந்தாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"எழுதினா என்ன, கடையத்தான் துத்துப் பண்ணப் போறீங்களே."

அவள் அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். "ஆர்டர் துத்துப், சின்னம்மா. தீபாவளித் தையல் இனிமே எடுக்க மாட்டோம்னு சொல்ற பதிவு. அந்தத் தேதிய மொதல்ல வச்சுத்தான் மத்ததெல்லாம் பின்னாலருந்து எண்ணிப் போட்டேன். தீபாவளி நேரத்துல நீங்களே போன்ல நாள் முழுக்கச் சொல்ற வார்த்தைதானே?"

சொல்லுகிற வார்த்தைதான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அப்ப ஓய்வு?"

"அந்த ரெண்டு வாரம் எழுத வேணாம். உங்க ரவிக்கைய நீங்க தைக்கணும். வருஷா வருஷம் பழசுலதானே தீபாவளி கொண்டாடுறீங்க."

செப்டம்பரில், நான் மிஷினில் இருக்கும்போதே அந்தப் பதிவு தானாக வெளியானது. "துத்துப்பா அக்கா?" என்று செமாபோக்கிலிருந்து ஒருத்தி போன் செய்தாள். ஆமாம் என்றேன். பிறகு என் துணியை வெட்ட எடுத்தேன். என் அளவே எனக்கு மறந்துபோயிருந்தது.