எறா என்று ஒரு பேர்

திருவொற்றியூரில் எங்கள் பள்ளி ரோபோ டீமுக்குப் பொறுப்பாக வந்தவர் பி.டி. மிஸ். ரோபோ பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதை மறைக்கவும் மாட்டார். குள்ளமான உருவம், கழுத்தில் விசில், ஓடுகிற லாரியை நிறுத்தும் குரல்.

போட்டிக்கு டீம் பேர் கொடுக்க வேண்டியிருந்தது. ‘டெக்னோ டைட்டன்ஸ் ஆஃப் திருவொற்றியூர்’ என்றேன் பெருமையாக. மிஸ் அதை மைதானத்தின் மறுகோடிக்குக் கத்தினார். அங்கே நின்ற வாட்ச்மேனுக்கு ‘ஊர்’ மட்டும்தான் கேட்டதாம்.

“உள்ளங்கை சைஸ் ரோபோவுல இத்த எங்கடா ஒட்டுவ? ரெண்டே எழுத்துல சொல்லு. கடைசில வாயத் தொறந்து கத்துற மாதிரி இருக்கணும்.”

‘சுறா’ என்றோம். போன வருஷமே வேறொரு பள்ளி அந்தப் பேரை வைத்துவிட்டிருந்தது.

“அப்போ எறா.”

இறாலா என்று நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. வகுப்புக்கு வந்து கரும்பலகையில் ஒரு வளைவு, இரண்டு மீசை போட்டார். லோகோ முடிந்தது. கோஷமும் அவரே கட்டினார்.

“கொழம்புல இன்னா கீது?”

“எறா! எறா!”

போட்டியில் எங்கள் ரோபோ, பாதையாகப் போட்டிருந்த கறுப்புக் கோட்டை விட்டு விலகி, நடுவரின் செருப்பில் முட்டி நின்றது. முதல் சுற்றிலேயே அவுட். ஆனால் எங்களைத் தோற்கடித்த பள்ளி உட்பட அரங்கமே “எறா! எறா!” என்று கத்திக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “உங்களுக்கு எறான்னா அவ்ளோ பிடிக்குமா மிஸ்?”

“துன்னா மூஞ்சி வீங்கிக்கும்டா எனக்கு,” என்றார் மிஸ். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கன்டெய்னர் லாரிகளைப் பார்த்து “எறா!” என்று கத்தினார். தோற்றுப்போன டீமின் பொறுப்பாளர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.