என் பதிவெண்

வாலிநோக்கத்துப் பக்கம் ஒரு பள்ளியில் நான் எழுத்தர். தனிக்கட்டை. நாற்பது வயதில் அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதி, ஆங்கிலத் தாளில் கோட்டை விட்டேன். முடிவு வந்த அன்று ஆசிரியர்கள் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பாஸ் என்று சொல்லி மிட்டாயும் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு 'பி.ஏ. சார்' என்றே கேலிப் பெயர்.

அந்த வருடம் அபிராமத்திலிருந்து வேதியியல் ஆசிரியை ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். என்னைக் கேலி செய்யாமல் பேசிய ஒரே ஆள். அண்ணே என்று கூப்பிடுவாள்.

தாளாளர் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். அங்கே எந்தச் சான்றிதழும் ஏஜெண்ட் கை பட்டுத்தான் நகரும் என்பதால், இங்கும் புதியவர்களின் சான்றிதழ்களை ராமநாதபுரத்து ஏஜெண்ட் ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுத்தார். அவளுடைய பட்டத்தைப் பற்றி ஏஜெண்ட் அனுப்பிய தாளில் 'சந்தேகத்துக்குரியது' என்று இருந்தது. அந்தத் தாளில் கலர் முத்திரை, பல்கலைக்கழகச் சின்னம் எல்லாம் இருந்தன. மாதக் கடைசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடச் சொன்னார் தாளாளர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளின் அடியில் இருந்த இணைய முகவரியைப் பார்த்தேன். நான் பரீட்சை எழுதியதும் அதே பல்கலைக்கழகம்தான்; அதன் கடிதங்களில் இல்லாத ஒரு சொல் இங்கே பெயரோடு கூடுதலாக ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பி.ஏ. தேர்ச்சி என்று எழுதி, என் பதிவெண்ணையே ஏஜெண்டிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் 'உண்மையானது, முதல் வகுப்பு' என்று தாள் வந்தது. வெட்கமாக இருக்கிறது, அதைக் கொஞ்ச நேரம் ஆசையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பல்கலைக்கழகம் எனக்கு அனுப்பிய கடிதத்தின் தலைப்பில் இருந்த முகவரியை எழுத்துக்கூட்டி அடித்தேன். அவளுடைய பதிவெண்ணும் பிறந்த தேதியும் கொடுத்ததும் எல்லாத் தாள்களின் மதிப்பெண்களும் வந்தன. அவளுடைய மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. பிறகு என்னுடையதை அடித்தேன். ஆங்கிலம், தோல்வி. இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு தாளாளரிடம் போனேன்.

அவர் அவளுடைய அச்சுத் தாளைத் தள்ளி வைத்தார். "இதுவும் கம்ப்யூட்டர்தான், அதுவும் கம்ப்யூட்டர்தான். இதுதான் நெசம்னு எப்புடிய்யா சொல்றீக?"

என்னுடைய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "ஏஜெண்டு என்னைய முதல் வகுப்புங்குறான். பல்கலைக்கழகம் பெயிலுங்குது. நான் பெயிலுதான் சார்."

அவர் ஏஜெண்டின் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். அவளை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மதியத்துக்குள் செய்தி பரவி, அன்றைக்குக் கொடுத்த மிட்டாய் எந்தக் கணக்கு என்று ஆசிரியர்கள் கேட்டுச் சிரித்தார்கள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பியவள் என் மேசை முன்னால் நின்றாள்.

"எனக்காகத்தான் சொன்னீகளாண்ணே?"

இத்தனை வருடத்தில் என் மனதில் இருப்பதை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "இல்லம்மா, ஆபீஸ் வேலை" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். மறுபடியும் பொய்தான் சொல்லியிருந்தேன்.