பீலித் தண்ணீர் குளிராத காலை

நாங்கள் கொழுந்து பறிக்கிற மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கட்டிக் கொடுக்காதவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறினால், மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும் வரை தேயிலைச் செடிதான் மறைப்பு. அதனால் நாங்கள் இரண்டு இரண்டு பேராகப் போவோம். ஒருத்தி செடிக்குப் பின்னால் உட்காருவாள், மற்றவள் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை விரித்துப் பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பாள். கங்காணி அந்தப் பக்கம் வந்தால் அவள் இருமுவாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

எனக்குக் காவல் என் மதினி. அண்ணன் பெண்டாட்டி. லுணுகலையிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். அடுப்புச் சாம்பலை எங்கே கொட்டுவது என்பதிலிருந்து எங்கள் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பது வரை நாங்கள் போடாத சண்டை இல்லை. பேச்சு நின்றுபோன நாட்களிலும் பத்து மணிக்கு அவள் படங்கை அவிழ்த்துக்கொண்டு என் செடி நிரைக்கு வந்துவிடுவாள். வாயைத் திறக்க மாட்டாள். நிற்பாள், இருமுவாள், போவாள்.

எனக்கு ஒரு பெருமை இருந்தது. அடக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் இரண்டு தடவை போனால் நான் ஒரு தடவை. காலையில் சாயத்தண்ணிகூடக் குடிக்காமல் மலைக்குப் போவேன். "இவளப் பாருங்கடி, செடிய விட்டு நகர மாட்டா" என்று கங்காணி மற்ற பெண்களிடம் சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

இடுப்பு வலி எனக்கு ஒன்றரை வருஷமாக உண்டு. மலையில் யாருக்குத்தான் இல்லை? வலது காலில் பின்பக்கமாக ஒரு இழுப்பு இறங்கும், தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தால் காலையில் எழுந்துவிடலாம். அந்தப் புதன்கிழமை மதியம் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு ஈரப் படியில் இறங்கும்போது கால் வழுக்கியது. விழவில்லை. விழாமல் இருக்க உடம்பை முறுக்கினேன். இடுப்புக்குள் ஏதோ நழுவியது போல ஒரு வலி, கண்ணில் பொறி பறந்தது. இருந்தாலும் சாக்கை விடவில்லை. மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இழுப்பு இரண்டு காலிலும் இறங்கியது. லயத்துக் கக்கூஸில் போய் உட்கார்ந்தால், முக்கி முக்கி நாலு சொட்டு. 'தண்ணி குடிக்கல, அதான்' என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை, மலை ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போனேன். பூனாகலைப் பக்கம் மார்கழிக் காலையில் பீலித் தண்ணீர் பட்டால் செத்தவனும் எழுந்து உட்காருவான். கால் கழுவும்போது எல்லாரும் ஒரு சத்தம் போடுவோம். நான் அன்றைக்கு இடுப்புக்குக் கீழே கழுவினேன், சத்தம் வரவில்லை.

"மதினி, இன்னைக்குத் தண்ணி குளிரவே இல்ல" என்றேன், ஏதோ அதிர்ஷ்டம் அடித்தது மாதிரி.

அவள் தன் காலில் ஊற்றிக்கொண்டு அலறினாள். "ஒனக்கு என்னடி, தோலு மரத்துப் போச்சா?"

நான் சிரித்தேன். ராத்திரி ஒரே பக்கமாகப் படுத்த மரமரப்பு என்று நினைத்தேன். வலிகூட முதல் நாளைவிடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மலைக்குப் போனேன்.

பத்து மணி ஆனது. வழக்கமாக அந்த நேரத்தில் நான்தான் ஒரு சீழ்க்கை அடிப்பேன், அவள் வருவாள். அன்றைக்கு எனக்குப் போகவேண்டும் என்றே தோன்றவில்லை. அடக்கவில்லை, அடக்க எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. என் திறமை இன்னும் கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மதினி தன் நிரையை விட்டு வந்து என் முன்னால் நின்றாள். படங்கு கையில் இருந்தது.

"வரலையா?"

"எனக்கு வரல. நீங்க போங்க."

"நேத்துப் பத்து மணிக்குப் போன. மத்தியானம் போகல. சாயங்காலம்?"

"அட, இதுக்கெல்லாமா கணக்கு?" எனக்கு வந்ததே கோபம். "ஒங்க வேலையப் பாருங்க மதினி."

அவள் போகவில்லை. என் அடிவயிற்றில் கை வைத்தாள். அங்கே ஒரு மேடு. நானே பார்க்காத மேடு. "தண்ணி குளிரலன்னியே," என்றாள். அவள் முகம் மாறிவிட்டது. "எங்கெங்க மரத்திருக்கு? வெக்கப்படாமச் சொல்லு."

சொன்னேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். உட்காரும் இடம், அதன் நடுவே, தொடையின் உள்பக்கம். பிள்ளை பெற்ற இடம். எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி.

கூடையை இறக்கி அங்கேயே வைத்தாள். கங்காணி, "எங்க போறீங்க, அரைநாள் பேரும் சம்பளமும் போயிரும்" என்று கத்தினார். "வச்சுக்கங்க ஒங்க பேர" என்று மதினி திருப்பிக் கத்தினாள். அவரிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டர் ஐயா வருகிற நாள் இல்லை அது. பிள்ளைகளுக்கு நிறை பார்க்கிற மருத்துவிச்சி அம்மா மட்டும் இருந்தார். மதினி என்னைப் பேசவே விடவில்லை, எல்லாவற்றையும் அவளே கொட்டினாள். அந்த அம்மா கையிலிருந்த குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு என்னைப் படுக்க வைத்தார். எத்தனையோ வயிறு பார்த்த கை. அடிவயிற்றை அழுத்தினார்.

"இப்ப ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கா?"

"இல்லீங்க."

"மூத்திரப்பை நெறஞ்சு தொப்புள் கிட்ட வந்திருக்கு. ஒனக்குத் தெரியல." பிறகு கேட்டார்: "ரெண்டு காலும் இழுக்குதா? கழுவுறப்ப கை படுறது தெரியுதா? வெளிக்கி?"

ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று நான் தலையாட்ட ஆட்ட, அவர் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் எழுந்து உட்கார்ந்தேன். "அம்மா, நாளைக்கி அண்ணன் லீவு, அவரோட பண்டாரவளைக்குப் போய்க் காட்டிக்கிறேனே. வலி கூட கொறஞ்சிருக்கு."

"வலி காத்திருக்கும்," என்றார். "இது காத்திருக்காது. நாளைக்கின்னா காலம்பூரா குழாயும் பையுமாத்தான் நீ திரியணும். படு."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை வரவில்லை.

பதுளை பெரியாஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு இளம் சிங்கள டாக்டர் அம்மா. தமிழ் தெரிந்த ஒரு தாதி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தொடைக்கு வெளியே தெரிந்தது. உள்ளே வர வர மங்கியது. நடுவில் ஒன்றுமே இல்லை. குதிரைச் சேணத்தில் உட்கார்ந்தால் எந்த இடம் படுமோ அந்த இடம் என்றார். பின்பக்கம் விரல் வைத்து இறுக்கச் சொன்னார். இறுக்கினேன் என்றுதான் நினைத்தேன். இறுகவில்லை என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

"கடைசியா எப்போ நல்லாப் போனது?"

எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மதினிதான் சொன்னாள். "நேத்துப் பத்து மணிக்கு. எட்டாம் நம்பர் மலையில. நான்தான் காவல் நின்னேன். மத்தியானம் வழுக்கினா, அதுக்கப்புறம்தான் எல்லாம்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதை அப்படியே எழுதிக்கொண்டார். தாதி எங்களிடம் சொன்னார், இந்த நேரம்தான் அவருக்கு முக்கியம் என்று.

மூத்திரம் இறங்க ஒரு குழாய் போட்டார்கள். பை நிறைந்தது, இன்னொரு பையும் பாதி. என் பெருமை முழுக்க அந்தப் பைகளில் இருந்தது. பிறகு சத்தம் போடுகிற அந்தப் பெரிய மெஷினுக்குள் என்னைத் தள்ளிப் படம் எடுத்தார்கள்.

படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். முதுகுத்தண்டுக்குள் வருகிற பெரிய நரம்பு இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் மாதிரி தனித்தனியாகத் தொங்கும். காலுக்கும், ஒண்ணுக்கும் வெளிக்கும், உட்காருகிற இடத்துக்கும் போகிற நரம்புகள் அவைதான். எலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு பிதுங்கி வந்து மொத்த வாலையும் நசுக்கிக்கொண்டிருக்கிறது. நசுங்கிய நரம்பு கொஞ்ச நேரம் தாங்கும், நேரம் போகப் போகச் செத்துவிடும், செத்தது திரும்பாது. இன்றைக்கே ஆபரேஷன் செய்து பிதுங்கியதை எடுக்க வேண்டும். போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

மதினி தாதியைப் பார்த்து, "இவளுக்கு வாலு இருக்குன்னு கல்யாணமாகி வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று அழுதாள். அந்த முதுகை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். அது குலுங்கி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்கு என்னைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

கால் இழுப்பு கண் விழித்தபோதே போயிருந்தது. மூன்றாம் நாள் நடந்தேன். ஆனால் குழாய் இருந்தது. ஒரு தடவை கழற்றிப் பார்த்தார்கள், வரவில்லை, மறுபடியும் போட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு எப்படிப் போவது, கொழும்பில் கடையில் நிற்கிற என் புருஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மதினி சோறு பிசைந்து ஊட்டினாள். கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் ஊட்டினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் குழாயை இரண்டாம் தடவை கழற்றினார்கள். தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். பத்து மணி இருக்கும், மதினி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வா புள்ள. நேரமாச்சு."

வார்டு கக்கூஸுக்கு நல்ல கதவு இருந்தது, தாழ்ப்பாளும் இருந்தது. இருந்தாலும் அவள் வெளியே கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள், போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு. கதவுக்குக் கீழே அவள் குதிகால் தெரிந்தது. வார்டில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அவளுக்கென்ன.

நான் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. சுவர்க் குழாயைத் திறந்து தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டேன். வெளியே மதினி இருமினாள். யாரும் வரவில்லை, சும்மாதான் இருமினாள், நான் இருக்கிறேன் என்பதற்காக.

கொஞ்சம் வந்தது. நின்றது. பிறகு வந்தது.

நான் சத்தமே போடவில்லை. கையில் தண்ணீர் அள்ளிக் கழுவினேன். இடது பக்கம் மரக்கட்டைதான், இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. வலது பக்கம் ஒரு சுரீர்.

"என்னடி?" என்றாள் வெளியிலிருந்து. "என்ன ஆச்சு? சொல்லித் தொலையேன்டி."

"மதினி," என்றேன். "தண்ணி குளிருது மதினி. ஒரு பக்கம் குளிருது."