இரண்டாவது படம்

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு மாடியறையில் எனக்குச் சின்னதாக ஒரு டிசைன் கடை இருக்கிறது. ஹோம்ஸ்டேக்களுக்கு போர்டு, ஹோம்மேட் சாக்லேட் டப்பாவுக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, இப்படித்தான் பிழைப்பு. ஊரில் சிலர் சேர்ந்து நடத்தும் நூலகத்துக்கு மட்டும் போஸ்டர்களைச் சும்மா செய்து கொடுப்பேன். அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கமும் என் கையில்தான் இருந்தது.

அந்த வருடம் நூலகம் ஒரு பாட்டு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தது. பண்ணைக்காட்டுப் பக்கம் குடியேறிய இலங்கைத் தோட்டக் குடும்பங்களில் ஆறு பெண்கள், கொழுந்து பறிக்கும்போது தங்கள் தாய்மார் பாடிய பாட்டுகளைப் பாடுவதாக இருந்தது. அவர்களுக்குத் தலைவி போல ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பகலில் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தார். ஒத்திகையில் அவர் எடுத்துக் கொடுக்கும் முதல் வரியைக் கேட்டால் மற்ற ஐவரும் தானாக நிமிர்ந்து உட்காருவார்கள்.

டிக்கெட் பாதி ஆன்லைனில் போனது, மீதியைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் வைத்து விற்றோம். நிகழ்ச்சிக்கு ஆறு நாள் இருக்கும்போது அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, மதுரை ஆஸ்பத்திரியில வெள்ளிக்கிழமைக்கு ஆப்பரேசன் வச்சுட்டாங்க. தொண்டையில ஒரு கட்டி கெடக்கு. என்னன்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியுமாம். என்னால ஒங்க சோலி கெட்டுப் போச்சே."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க. யாருக்கும் தெரிய வேணாம். விடுதியில ஊருக்குப் போறேன்னுதான் லீவு சொல்லியிருக்கேன். நீங்க மழைன்னு போட்டுருங்க."

சரிக்கா என்றேன். அதைச் சொல்லும்போது நிறைவேற்றுகிற எண்ணத்தோடுதான் சொன்னேன்.

நூலகத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அன்று மாலையே அவரைப் பார்த்து, ஆப்பரேசனையும் அக்கா மழை என்று போடச் சொன்னதையும் சொன்னேன். அவர் போன் செய்து விசாரித்ததில் நாலு வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமைக்கு ஹால் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாக அடித்துக் கொண்டிருந்தது.

"மழையா? பத்து நாளா ஒரு சொட்டு இல்லையேம்மா. மலைக்குக் கீழ வத்தலக்குண்டுலேருந்து வர்றவன்கூட சிரிப்பான். டிக்கெட் வாங்குனவங்களுக்கு உண்மையச் சொல்லணும்."

"அக்கா வேணாம்னாங்க சார்."

"நோய் வர்றது என்ன குத்தமா? நாலு பேரு கூடுதலா வேண்டிக்குவாங்க. பாத்து மரியாதையா எழுதும்மா."

'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். ஊரில் எத்தனையோ அறிவிப்புகள் அப்படித்தான் வருகின்றன, யாரும் துருவிக் கேட்பதில்லை. அது அப்போது எனக்குத் தோன்றாமலும் இல்லை.

வீட்டுக்கு வந்து அறிவிப்பைக் கரோசலாகச் செய்தேன். ஒரே பதிவுக்குள் ஐந்து படங்கள், விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். முதல் படத்தில் 'நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டுள்ளது' என்று பெரிதாக எழுதி, பழைய தேதியை அடித்து, அதன் கீழே புதிய தேதியை வைத்தேன். அதற்குமேல் தள்ளிப் பார்க்காதவருக்கும் அது தெரிந்துவிட வேண்டும். இரண்டாவது படம் காரணம். மூன்றாவதில், வாங்கிய டிக்கெட் புதிய தேதிக்கும் செல்லும், எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று போட்டேன். நான்காவதில், வர முடியாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது: ஆன்லைனில் வாங்கியவர்கள் அதே லிங்க்கில் ரத்து செய்தால் கட்டிய கணக்குக்கே பணம் திரும்பிவிடும், பேக்கரியில் வாங்கியவர்கள் டிக்கெட்டை அங்கேயே கொடுத்துவிடலாம், இரண்டுக்கும் கடைசி நாள் இன்ன தேதி. ஐந்தாவதில் தொடர்பு எண்ணும் ஒரு நன்றியும்.

இரண்டாவது படத்தில்தான் அதிக நேரம் செலவழித்தேன். ஒத்திகையில் நான் எடுத்த அக்காவின் புகைப்படம், கண்ணை மூடிப் பாடுகிற முகம். அதன்மேல் வெள்ளை எழுத்தில், 'எங்கள் முதன்மைப் பாடகிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. அவர் நலம் பெற வேண்டுவோம்.' பார்க்க மிக அழகாக இருந்தது. அந்த அழகுதான் என்னைக் கெடுத்தது. செயலாளர் சொன்னார் என்று இன்றுவரை மற்றவர்களிடம் சொல்கிறேன், ஆனால் பதிவேற்றும் பொத்தானை அழுத்தியது நான்தான்.

பதிவைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்தி, பழைய போஸ்டரின் குறிப்பிலும் 'தள்ளிவைக்கப்பட்டது' என்று சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் பதிவின் கீழே கைகூப்பும் எமோஜிகளாக வந்து குவிந்தன. டிக்கெட்டை ரத்து செய்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளனே அக்காவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, என்ன போட்டீங்க?"

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பதிவைத் திறந்தேன்.

"விடுதி வார்டன் அம்மா கூப்பிட்டாங்க. யாரோ வாட்ஸ்ஆப்புல என் படத்த மட்டும் அனுப்பியிருக்காங்க. பிள்ளைங்களோட அம்மா அப்பாமாரு கேக்குறாங்களாம், தொண்டை நோவு உள்ளவ ஏன் சமையக்கட்டுல நிக்கிறான்னு. ஒட்டுற நோவா இருந்தா என்ன செய்றதுன்னு. இனிமே வர வேணாம்னுட்டாங்க."

"அக்கா, அது ஒட்டுற நோயே இல்ல. நான் போய்ப் பேசுறேன்."

"நான் மழைன்னு தானே போடச் சொன்னேன்."

கோபமே இல்லாத குரல். போனை வைத்துவிட்டார்.

பதிவான கரோசலில் படத்தை மாற்ற முடியாது, குறிப்பை மட்டும்தான் திருத்தலாம். ஆனால் ஒரு படத்தைத் தனியாக நீக்கலாம். இரண்டாவதை நீக்கினேன். மீதி நான்கும், தேதியும் டிக்கெட்டும், ஒரு குறையுமில்லாமல் அங்கேயே இருந்தன. நீக்கிய படமோ அதற்குள் நூலகக் குழு, வியாபாரிகள் குழு, ஜீப் டிரைவர்கள் குழு என்று சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கே இரண்டு பேர் அனுப்பி, "இவங்களத் தெரியுமா? பாவம்" என்று கேட்டார்கள்.

விடுதிக்குப் போனேன். வார்டன் அம்மா எனக்கு டீ கொடுத்தார். நல்ல மனுஷிதான்.

"எனக்குப் புரியுதும்மா. பேரன்ட்ஸ்க்கு யாரு புரிய வைக்கிறது? ஆள் போட்டாச்சு" என்றார்.

கிளம்பும்போது, "அந்த போட்டோ மட்டும் இல்லன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார். குத்திக்காட்டத்தான் சொன்னாரோ, சாதாரணமாகச் சொன்னாரோ.

ஆப்பரேசன் முடிந்தது. கட்டி புற்றுநோய் இல்லை என்று ரிசல்ட் வந்தது. அதை எனக்குச் சொன்னது பாட்டுக் குழுவில் இருந்த இன்னொரு பெண். அக்காவின் குரல் கரகரத்துப் போய்விட்டதாகவும், சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதாகவும் அவர் சொன்னார். பண்ணைக்காட்டுக்குப் பஸ் ஏறி ஒரு தடவை பார்க்கப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

புதிய தேதியில் நிகழ்ச்சி நடந்தது. பழைய டிக்கெட்டோடு வந்தவர்களை வாசலில் நின்று நானே சரிபார்த்து உள்ளே விட்டேன். ஐந்து பெண்கள் பாடினார்கள். முதல் வரியை யார் எடுப்பது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது பாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தவறாக ஆரம்பித்து நிறுத்தினார்கள். கூட்டம் அன்போடு கை தட்டியது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்து ஹாலின் பின்பக்கம் ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

அக்காவை அதன் பிறகு பலமுறை அழைத்தேன். மணி அடித்து ஓயும். மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். படித்ததற்கான நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. இப்போதும் நூலகத்துக்கு அறிவிப்புகள் செய்கிறேன், நிகழ்ச்சிகள் அவ்வப்போது தள்ளிப்போகின்றன. காரணம் என்ன போட வேண்டும் என்று சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதனால் அக்காவுக்கு எதுவும் திரும்பக் கிடைத்துவிடவில்லை.