ஓட்டை விழ வேண்டிய தோசை

எட்டு வருஷம் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஓசூரில் அலுமினிய வார்ப்பு செய்யும் ஒரு கம்பெனி. முதல் மூன்று வருஷம் உருகிய அலுமினியத்தைக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றினேன். பிறகு ஐந்து வருஷம், வார்த்து வந்த பாகங்களை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுத் தனி டப்பில் எறிந்துவிட வேண்டும். அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். எனக்குத் தப்பி ஒரு ஓட்டை வெளியே போகாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார்.

அமெரிக்காவில் ஏதோ வங்கி விழுந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் எங்கள் லைனை நிறுத்தினார்கள். அங்கே வங்கி விழுந்ததற்கும் இங்கே நான் வீட்டில் உட்கார்ந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். எனக்குச் சாத்தூர்ப் பக்கம். அங்கே போய் மட்டும் என்ன கிழிக்கப் போகிறேன் என்று இருந்துவிட்டேன்.

இருக்க முடிந்ததற்குக் காரணம் என் மனைவியின் கடை. அவள் பாரூர்ப் பக்கத்துக்காரி. அதற்கு மூன்று வருஷம் முன்பே, கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரில் தகரக் கூரை போட்டு ஒரு டிபன் கடை வைத்திருந்தாள். சாயங்காலம் மட்டும்தான் கடை. இட்லியும் சாதா தோசையும் உண்டு. ஆனால் ஆள் வந்தது ரவா தோசைக்கு. ஜெனரல் ஷிப்ட் முடித்து வரும் பஸ்ஸில், இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்க வேண்டியவர்கள்கூட இங்கேயே இறங்கி, ரவா தோசை தின்றுவிட்டு வீட்டுக்கு நடந்து போவார்கள். தட்டில் வைத்தால் தோசை வழியாகத் தட்டின் பூ தெரியும். அப்படிப்பட்ட தோசை.

அவளுக்கு வலது தோளில் வலி வந்து நான்கைந்து மாதம் ஆகியிருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டே ஓட்டினாள். நான் வேலையில்லாமல் உட்கார்ந்ததும் முதல் காரியமாக அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வெட்டியாக இருந்ததில் அந்த ஒரு நல்ல காரியம்தான் நடந்தது. தோளில் தசைநார் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு மாதத்துக்குக் கையை உயரத் தூக்கக் கூடாது, தூக்கிக்கொண்டே இருந்தால் கை அப்படியே இறுகிப் போய்விடும், அப்புறம் என்னிடம் வந்து அழக் கூடாது என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். ரவா தோசை ஊற்றுகிறேன் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு வரவில்லை.

ரவா தோசையை எடுத்துவிடலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக இரண்டு டிபன் கடை வந்திருந்தது. இட்லி எங்கேயும் கிடைக்கும், இதற்காகத்தான் ரோட்டைத் தாண்டி இங்கே வருகிறார்கள், இது போனால் கடை போகும் என்றாள். அவள் சொன்னது சரிதான். அவள் கை நிற்க வேண்டும், கடையும் நிற்க வேண்டும் என்றால் நான் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஊற்றுவதுதானே, எழுநூறு டிகிரியில் உலோகத்தையே ஊற்றியவனுக்கு மாவு ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். அந்தத் திமிருக்கு நன்றாக அனுபவித்தேன்.

கலவை சுலபம். ரவை ஒரு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, மைதா கால் பங்கு. இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உடைத்த மிளகு, கறிவேப்பிலை. தண்ணீர் மட்டும் என் கைக்கு அதிகமாகத் தெரிந்தது. நீர்மோர் பதத்துக்கு இருக்க வேண்டும் என்றாள். அரை மணி ஊறியதும் ரவை தண்ணீரைக் குடித்துவிடும். மறுபடி ஊற்றிப் பழைய பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு தண்ணீராக இருந்தால் இது எப்படி நிற்கும் என்று அவளுக்குத் தெரியாமல் ஒரு பிடி மாவைக் கூடப் போட்டேன். முதல் தப்பு அது.

அடுத்தது ஊற்றிய விதம். அவள் கையைத் தூக்கி உயரத்திலிருந்து ஊற்றுவாள்; எனக்கு அது ஒப்பவில்லை. வார்ப்பில் கரண்டியை அச்சின் வாயோடு ஒட்டிப் பிடித்து, ஒரே ஒழுக்காக, நடுவில் விடாமல் ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றும் சேர்ந்து உள்ளே போய் ஓட்டை விழும். மூன்று வருஷம் கை பழகிய பாடம் அது. கல்லிலும் அப்படியே ஊற்றினேன். கல்லை ஒட்டி, நடுவிலிருந்து, நிதானமாக. மாவு போய் அழகாக உட்கார்ந்தது. அதையும் மீறி எங்கேயாவது நாலு ஓட்டை விழுந்தால் என் கை சும்மா இருக்காது. கரண்டி நுனியில் மாவு எடுத்து ஒவ்வொன்றாக அடைப்பேன். அடைத்த இடமெல்லாம் ஈரமாகக் கிடந்து கல்லில் ஒட்டியது. திருப்பியால் கிளப்பினால் பாதி வந்தது.

இன்னொன்றும் இருந்தது. ரவை அடியில் போய்ப் படியும். ஒவ்வொரு தடவையும் அடிவரை கலக்கிவிட்டு மொள்ள வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். முதல் ஐந்து தோசை வெறும் தண்ணீராகப் போய், பாத்திரத்தின் அடியில் உப்புமாவுக்கு ஆகிற பதத்தில் ஒன்று மிஞ்சியது.

ஒரு வாரம் இதே கதை. ஐந்தரை மணிவரை என்னை நிற்க விடுவாள். பஸ் வந்து கூட்டம் சேர்ந்ததும் மாவு ஊற்றும் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். வலது கையைத் தூக்கும்போது இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு ஊற்றுவாள். நான் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்குவேன். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. இரண்டு நாள் பொறுத்தால் வந்துவிடும், அதற்குள் என்ன அவசரம் என்று ஒரு நாள் கத்தினேன். அவள் அடுத்த தோசைக்கு மாவைக் கலக்கினாள். சோர்ந்துபோனவர்களிடம் சண்டை போடுவதில் ஒரு சுகமும் இல்லை.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, மழை தூறிக்கொண்டிருந்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வரும் கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர் எங்களுக்கு வாடிக்கை. தினமும் ஒரு ரவா தோசை, நிறைய மிளகு. அன்றைக்கு நான் போட்டதை விரலால் தூக்கிப் பார்த்தார். எப்போதிலிருந்து ரொட்டி போட ஆரம்பித்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். பெஞ்சில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அவள் எழுந்து வந்தாள். மாவைக் கலக்கினாள், டம்ளரில் மொண்டாள், கையைத் தூக்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது; அதுவரை நான் கேட்காத சத்தம். டம்ளர் கை நழுவிக் கல்மேல் விழுந்து உருண்டது. மாவு சுரீரென்று நாலாபக்கமும் தெறித்தது. நான் அடுப்பை விட்டுவிட்டு அவளைப் பிடித்துத் தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார வைத்தேன். மூச்சு வாங்கியது அவளுக்கு.

டிரைவர்தான் கூப்பிட்டார். கல்லைக் காட்டினார். தெறித்த மாவு தெறித்தபடியே வெந்து, ஓரம் சிவந்து, தானாகவே கல்லை விட்டுக் கிளம்பியிருந்தது. கண் கண்ணாக ஓட்டை. ஒரு பக்கம் கோணல், ஒரு பக்கம் வால். அதை எனக்குக் கொடு என்றார். நான் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பழக்கத்தில் அதற்குப் பெருக்கல் குறி போட்டிருப்பேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் சொன்னாள்:

"ஓட்டை வுழுவட்டும் வுடுங்க. இங்க யாரும் உங்கள ரிஜெக்ட் பண்ண மாட்டாங்க."

கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியதைப் பற்றி அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளப் புகை ஒரு சாக்கு. கேஸ் அடுப்பில் ஏது புகை என்று யாரும் கேட்கவில்லை.

மாவில் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் விட்டேன். கல்லை நன்றாகக் காய விட்டேன். தண்ணீர் தெளித்தால் துளி குதித்து ஓடி மறைய வேண்டும். வெங்காயத்தைத் தூவினேன். அடிவரை கலக்கி மொண்டு, மார்பு உயரத்துக்குக் கையைத் தூக்கி, வெளி ஓரத்திலிருந்து உள்ளே சுற்றி வந்தேன். மாவு விழுந்த இடமெல்லாம் பொரிந்து கண் திறந்தது. பெரிய இடைவெளியில் மட்டும் நாலு சொட்டு விட்டேன். மற்ற ஓட்டைகளைத் தொடாமல் இருப்பதற்குக் கரண்டியைத் தூரமாக வைக்க வேண்டியிருந்தது. சுற்றிலும் ஓட்டைகளுக்குள்ளும் எண்ணெய் விட்டு, தீயைக் கொஞ்சம் தணித்துக் காத்திருந்தேன். ரவா தோசை நேரமெடுக்கும். சாதா தோசை மூன்று போடுகிற நேரம். ஓரம் தானாகத் தூக்கியதும் திருப்பிப் போடாமல் மடித்து எடுத்தேன். டிரைவர் முழுசாகத் தின்றார். இன்னொன்று கேட்டார்.

அதற்குப் பிறகும் எல்லாம் சரியாக வந்ததாகச் சொல்ல மாட்டேன். பத்தில் மூன்று கெட்டுப்போகும். அவளை டம்ளரைத் தொட விடவில்லை, அவ்வளவுதான். கடை முடிந்ததும் கால் மரத்துப்போகும், என் தோளும் வலிக்கும். மூன்று வருஷம் அவள் இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை இல்லாத நாள், பக்கத்து வீட்டம்மா சீப்போடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார். என்ன என்று கேட்டேன். தலை வார வந்தேன் என்றார். யாருக்கு என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். கை பின்னால் போகாததால் மூன்று மாதமாக அவர்தான் தினமும் வந்து வாரிப் பின்னிவிட்டுப் போகிறார். லைன் நிற்பதற்கு முன்பிருந்தே. முதலில் நான் ஷிப்டில் இருந்தேன், சரி. அப்புறம் வீட்டிலேயே இருந்தும் என் கண்ணில் படவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க தோசையவே பாத்துகினு இருந்தீங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து சீப்பை வாங்கிக்கொண்டேன். மூன்று கால் பின்னல் எனக்கு வரவில்லை. ஒரு பக்கம் தொளதொளவென்று, நடுவில் சந்து சந்தாக, கோணலாக இறங்கியது. பிரித்துவிட்டு முதலிலிருந்து பின்னுகிறேன் என்றேன். வேண்டாம் என்று அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.