பூட்டு மட்டும் தலைமை அலுவலகத்துக்கு

அன்று தம்பானூர் கிளையில் நானும் காசாளர் சேச்சியும் இருந்தோம். கதவுப் பூட்டு இறுகி, மேலாளர் தன் அறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். பூட்டை உடைக்க அனுமதி தரவேண்டிய நாகர்கோவில் தலைமை அலுவலக அதிகாரி இல்லை, சாப்பிடப் போயிருந்தார்.

எங்கள் நிறுவனத்தில் டீ, பிஸ்கட் கிளையின் முடிவு. கதவும் பூட்டும் தலைமை அலுவலகத்துடையது.

"பக்கத்துல கரமனைப் பூட்டுக்காரர் முந்நூறு ரூபாய்க்குத் திறப்பாராம் சார்," என்றேன்.

"அனுமதி வரட்டும் தம்பி. நம்ம அதிகாரத்துல உள்ளதைச் செய்யுங்க," என்றார் மேலாளர் உள்ளிருந்து.

ஜன்னல் கம்பி வழியாக மூன்று டீ கொடுத்தோம். நான்காவதை நீட்டியபோது, "பாத்ரூம் போகணும்," என்றார் மெதுவாக.

"அது ஆருடெ அதிகாரம் சாரே?" என்றார் சேச்சி.

இரண்டு மணி நேரம் கழித்து, தலைமை அலுவலகம் அங்கீகரித்த பூட்டுக்காரர் நாகர்கோவிலிலிருந்து டாக்சியில் வந்து திறந்தார். மேலாளர் யாரையும் பார்க்காமல் ஓடினார்.

டாக்சியும் கூலியும் சேர்த்து நாலாயிரத்து இருநூறு ரூபாய்.