இறால் பொடியின் மேல் பச்சை வட்டம்

சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் அண்ணியும் சேர்ந்து பொடி அரைத்து விற்க ஆரம்பித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இறால் பொடி என்று மூன்றே சரக்கு. இறாலைச் சுத்தம் பண்ணிக் காயவைப்பது, வறுப்பது, அரைப்பது எல்லாம் அண்ணி. கடைகளுக்குப் போய்ப் பேசுவதும் பாக்கெட் போடுவதும் நான். மெல்லிய பாலிதீன் கவரில் பொடியை நிரப்பி, பேர் அச்சடித்த துண்டுக் காகிதத்தை மேலே மடித்து ஸ்டேப்ளர் அடிப்போம். அவ்வளவுதான் எங்கள் பேக்கிங். மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் பொடி கட்டிதட்டிப்போகும்.

சிதம்பரத்தில் ஒரு பெரிய மளிகைக்கடையில் சரக்கு வைக்க வேண்டும் என்பது என் ஆசை. முதலாளி பொடியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொடி நல்லாதாம்மா இருக்குது. ஆனா இந்தக் கவர்ல வச்சா யாரு எடுப்பாங்க? கம்பெனி பாக்கெட்டெல்லாம் அலமாரில நிக்குது. உன்னுது படுத்துக்கெடக்குது."

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய, தானாக நிற்கும் ஜிப் கவர்களை வாங்கினேன். கவரிலேயே அச்சடிக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொன்னார்கள். அதனால் வெறும் கவர் வாங்கி, மேலே ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் அடிக்கக் கடலூரில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் போடும் பெண் பொறுமைசாலி. முதலில் பருப்புப் பொடிக்கு லேபிள் செய்தாள். அதையே நகல் எடுத்து மற்ற இரண்டுக்கும் பேரையும் நிறத்தையும் மாற்றினாள்.

இறால் பொடிக்கு மளிகைக்கடைக்காரர் ஏற்கெனவே யோசனை சொல்லியிருந்தார். "இறால் படம் போடாதம்மா, பாத்ததுமே கவிச்சி ஞாபகம் வரும். பேரையும் ஸ்டைலா வையி." நான் 'கரையோரப் பொடி' என்று பேர் வைத்தேன். சுடுசோறு, அதன் மேல் பொடி, ஒரு சொட்டு நெய், அடியில் ஒரு நீல அலை. பார்க்கப் பார்க்க எனக்கே பசித்தது.

"அக்கா, பின்பக்கம் எடம் பத்தல" என்றாள் அந்தப் பெண். "தயாரிச்ச தேதி, பேட்ச் நம்பர், எடை, விலை, பதிவு எண், உங்க அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் இங்கிலீஷ்லயும் வரணும். கீழ 'இறால் உள்ளது'ன்னு தனியா ஒரு வரி இருக்குது. மேல சேர்மானப் பட்டியல்லயும் இறால் இருக்குதே. ஒண்ண எடுத்துடவா?"

"எடுத்துடும்மா" என்றேன். அதை நான்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் மாதிரி வந்தது. 'அக்கா, ஒரு தடவ நல்லாப் படிச்சுப் பாத்துட்டு ஓகே சொல்லுங்க' என்று எழுதியிருந்தாள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு பார்த்தேன். பேரின் தங்க நிற ஓரத்தையும் நெய்ச் சொட்டின் மினுமினுப்பையும்தான் பார்த்தேன். கம்பியை ஒரு கையால் பிடித்தபடியே ஓகே என்று அனுப்பினேன்.

லேபிள் வந்து சேர்ந்தபோது புரட்டாசி பிறந்திருந்தது. சிதம்பரம் கடைக்காரர் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடியோடு இறால் பொடியிலும் இருபத்து நாலு கேட்டார். "மாசம் முடிஞ்சதும் இதுதான் ஓடும். இப்பவே குடுத்து வையி" என்றார். ஒரு வியாழக்கிழமை காலையில் இறக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் மூன்று பாக்கெட்டையும் ஜன்னலோரம் வரிசையாக நிற்கவைத்துப் போனில் படம் எடுத்தேன். மற்ற கடைகளுக்கு அனுப்பலாம் என்றுதான். படம் தெளிவாக இருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கரையோரப் பொடி என்ற பேருக்குப் பக்கத்தில் சின்னச் சதுரம். அதற்குள் பச்சை வட்டம்.

அசைவத்துக்குப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் வர வேண்டும். பருப்புப் பொடியின் பச்சை வட்டம் நகலோடு நகலாக வந்து இறால் பொடியில் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் முழுக்கத் தேடினேன். இறால் என்ற சொல்லே இல்லை. பின்பக்கம் சேர்மானத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் கடலைப்பருப்புக்கு அடுத்து 'உலர் இறால்'. அவ்வளவுதான்.

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன்.

"அண்ணி, மோசம் போயிட்டோம்" என்றேன். அண்ணி பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். எழுத்தை அவள் படிக்கவில்லை. பச்சையைப் பார்த்தாள்.

"புரட்டாசிடி" என்றாள். "நாளைக்குச் சனிக்கிழம."

கடைக்காரருக்குப் போன் அடித்தேன்; அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் யார் யார் அதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்றே மனசு ஓடியது. விரதம் இருக்கிற ஒரு பெரியவர். பிறந்ததிலிருந்து கவிச்சியே தொடாத ஒரு வீடு. இறால் பட்டாலே உடம்பு தடித்துப்போகிற யாராவது. இந்தக் கடைசி நினைப்பு வந்தபின் மற்றதெல்லாம் சின்னதாகிவிட்டது.

கடையில் முதலாளி இல்லை, கல்யாணத்துக்குப் போயிருந்தார். கல்லாவில் இருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"கரையோரப் பொடியா? நல்லாப் போவுதும்மா" என்று சிரித்தார் அவர். "புரட்டாசிக்குன்னு ஒரு அலமாரி போட்டிருக்கோம். பச்சை மார்க் இருந்துச்சா, நான்தான் அதுல முன்வரிசைல அடுக்கினேன்."

"அது இறால் பொடிங்க."

அவர் ஒரு பாக்கெட்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். "வாசனையே வரலியே!"

வராது. பழைய பாலிதீன் கவராக இருந்தால் கடைக்குள் நுழையும்போதே தெரிந்திருக்கும். காற்றுப் புகாத நல்ல கவராகத் தேடித் தேடி நான்தானே வாங்கினேன்?

எண்ணினோம். பதினேழு இருந்தது. ஏழு போய்விட்டது.

அந்த அம்மா ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை. பில்லிங் மெஷினில் எங்கள் பொடியின் பேரைப் போட்டுத் தேடினார். நாலு பாக்கெட் வீட்டுக்கே அனுப்பிய பில்லில் இருந்தது, போன் நம்பரோடு. ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். மூன்று வீட்டில் பிரிக்கவே இல்லை. ஒரு வீட்டில் ஒரு பெரியவர் மத்தியானம்தான் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டிருந்தார்.

"வித்தியாசமா இருக்குன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். "அம்பது வருஷமா இந்த மாசத்துல தொட்டதில்லம்மா." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

மீதி மூன்று பேர் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள். யார் என்று தெரியாது. பேட்ச் நம்பரைப் போட்டு, இதில் இறால் இருக்கிறது, சாப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்று அட்டையில் எழுதிக் கல்லாவில் ஒட்டினோம். பதினேழையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"கரையோரப் பொடி நீங்கதான் போடுறீங்களா?" ஒரு பெண்ணின் குரல். "பாக்கெட்டுல இந்த நம்பர் இருந்துச்சு."

"ஆமாங்க" என்றேன்.

"என் பொண்ணுக்கு இறா ஆவாதுங்க. எட்டு வயசு. காலைல இட்லிக்குத் தொட்டுக்கிச்சு. ஒதடெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி... இப்ப ஆஸ்பத்திரில இருக்கோம்."

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டேன். அண்ணியும் கூடவே கிளம்பினாள்.

நாங்கள் போனபோது ஊசி போட்டிருந்தார்கள்; குழந்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. உதடு இன்னும் லேசாகத் தடித்திருந்தது. ஆனால் மூச்சு சரியாகிவிட்டது என்றார்கள். அதன் அம்மா கையில் எங்கள் பாக்கெட்.

"பச்சை மார்க்கப் பாத்துதாங்க வாங்கினேன்" என்றார். "அது இருந்தா போதும்னு பின்னாடி திருப்பிக்கூடப் பாக்கல. இங்க டாக்டர் என்ன சாப்பிட்டுச்சுன்னு கேட்டப்பதான் படிச்சேன். இவ்ளோ பொடி எழுத்துல போட்டா யாரு கண்ணுக்குங்க தெரியும்? ஜாஸ்தி வேணாம், இறான்னு பெருசா ஒரு வார்த்த போட்டிருந்தா நான் எடுத்தே இருக்க மாட்டேனே?"

பேர் ஸ்டைலாக இருக்க வேண்டும் என்று இறாலை முன்னால் போடாததும், இடம் பத்தவில்லை என்று பின்னால் இருந்த வரியை எடுக்கச் சொன்னதும் நான்தான் என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். அண்ணி தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அந்த அம்மாவே "எழுந்திருங்க, கொழந்த பயப்படுது" என்றார்.

சாயங்காலம் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். ராத்திரி வரை பத்துத் தடவையாவது போன் பண்ணிக் கேட்டிருப்பேன். பத்தாவது தடவை அவர், "தூங்குதுங்க. நீங்களும் தூங்குங்க" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை கடலூருக்குப் போய் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நானே சொன்னேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள். தொழிலையே மூடச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் அந்தக் குழந்தையின் உதட்டைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அதிகாரியம்மா லேபிளை வாங்கி, நிதானமாக மேலிருந்து கீழே படித்தார்.

"நீங்களா வந்தது நல்லது. ஆனா தப்பு ஒண்ணு இல்ல" என்றார். "குறியீடு தப்பு. கரையோரப் பொடின்னா என்னன்னு யாருக்குத் தெரியும்? இஷ்டத்துக்குப் பேரு வைக்கலாம், ஆனா அது என்ன பொருள்னு முன்னாலயே சொல்லணும். ஒவ்வாமை வரிய எடுத்திருக்கீங்க. பட்டியல்ல இருந்தாலும் அது தனியா வரணும். பெருங்காயம் போடுறீங்களா?"

"ஆமாங்க. கூட்டுப் பெருங்காயம்."

"அதுல கோதுமை மாவு இருக்கும். அதையும் போடணும்."

எனக்கு அதுவரை தெரியாது. பருப்புப் பொடியிலும் அதே பெருங்காயம்தான். அந்த லேபிளையும் கிழிக்க வேண்டியதாயிற்று. எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்து, சரிசெய்து கொண்டுவரும்வரை விற்கக் கூடாது என்றார்.

புது லேபிளுக்கு அதே கடைக்குத்தான் போனேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்க முடியாமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தப்புக்கா" என்றாள். "நானும்தான்" என்றேன். பேரை 'இறால் பொடி' என்றே வைத்தோம். முன்னால் முழு இறால் படம், பழுப்பு முக்கோணம். பின்னால் தனிக் கட்டத்தில், தடித்த எழுத்தில் 'இறால், கோதுமை உள்ளது'. நெய்ச் சொட்டுக்கு இடம் இல்லாமல் போயிற்று. இந்தத் தடவை காகிதத்தில் அச்செடுத்து, மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாக அண்ணிக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஓகே சொன்னேன்.

மளிகைக்கடைக்காரர் இறால் படத்தைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். பிறகு தனியாக ஓர் ஓரத்தில் வைத்தார். முன்னளவுக்கு வேகமாகப் போகவில்லை. ஆனால் போகிறது.

ரொக்கத்தில் போன மூன்றில் ஒன்று அந்தக் குழந்தையின் வீட்டில் இருந்தது. ஒன்றை யாரோ கல்லாவில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. தயாரித்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று அதில் போட்டிருந்தோம். அந்தத் தேதி தாண்டும்வரை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்வேன்.